திருடினான் என்பதும் திருடன் என்பதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்களும் கடை வைத்திருப்பவர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது.

நமது பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு வகைக் காணொளி வருகிறது. கடையின் சிசிடிவி கமராவில் பதிவானது. சீருடை போட்ட ஒரு பையன் மேசையில் கிடந்த போனை எடுத்து காற்சட்டைப் பைக்குள் போடுவான். முகம் தெளிவாகத் தெரியும். கீழே "இவன் யாருடைய மகன்? எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையின் பெயர், வாப்பாவின் பெயர், பாடசாலை எல்லாம் வந்துவிடும். மாலைக்குள் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை எல்லாம் சுற்றிவிடும்.

போனைப் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆசிரியர்களான எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஊர் அறிய "கள்ளன்" என்று பெயர் வைப்பதால் அவன் அடுத்த தடவை திருடுவது குறையுமா, கூடுமா?

கூடும் என்று சொல்பவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அந்தக் கருத்தை முத்திரைக் கோட்பாடு என்று சொல்வார்கள். அதைத் தொடக்கிவைத்தவர்களில் ஒருவர் பிராங்க் டானன்பாம் என்ற அமெரிக்கர். அவர் 1914ஆம் ஆண்டு, இருபது வயதைத் தாண்டிய நிலையில், வேலையில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு நியூயோர்க்கில் ஒரு தேவாலயத்துக்குள் போனார். உணவும் தங்க இடமும் கேட்டதற்காக ஒரு வருடம் சிறையில் இருந்தார். பிறகு பேராசிரியரானார். 1938இல் எழுதிய புத்தகத்தில் அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். ஆரம்பத்தில் ஊர் பிள்ளையின் செயலைக் கெட்டது என்று சொல்கிறது. பிறகு பிள்ளையையே கெட்டவன் என்று சொல்லத் தொடங்குகிறது. பிடிப்பது, விசாரிப்பது, பட்டியலில் சேர்ப்பது, எல்லோருக்கும் காட்டுவது என்று ஒவ்வொரு படியிலும் அவனுக்குத் தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுக்கப்படுகிறது. கடைசியில் அவனும் அதை நம்பிவிடுகிறான்.

தமிழில் இது இன்னும் இலகுவாக விளங்கும். "திருடினான்" என்பது வினைச்சொல். அதற்குக் காலம் இருக்கிறது, நடந்து முடிந்துவிட்டது. "திருடன்" என்பது பெயர்ச்சொல். அதற்குக் காலம் இல்லை. நேற்றும் திருடன், நாளையும் திருடன். ஒரு வினையைப் பெயராக மாற்றும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கோட்பாடு பேசுகிறது.

1951இல் எட்வின் லெமர்ட் என்பவர் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முதல் தவறுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆசை, பசி, கூட்டாளிகளின் தூண்டுதல், வாப்பா வெளிநாட்டில் இருப்பது, ஒன்றுமில்லாத ஒரு துணிச்சல். இளமையில் இப்படி ஏதாவது செய்யாத பையன்கள் குறைவு. பெரும்பாலானோர் வளர வளர விட்டுவிடுவார்கள். இரண்டாம் வகைத் தவறு அப்படியல்ல. பெயர் விழுந்த பிறகு, அந்தப் பெயரோடு வாழ்வதற்காகச் செய்கிற தவறு அது. நல்ல கூட்டாளிகள் விலகிவிட்டார்கள், பாடசாலையில் இடமில்லை, எவரும் வேலை தருவதில்லை. அப்போது தன்னைப் போலப் பெயர் விழுந்தவர்கள்தான் மிஞ்சுகிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது, உண்மைதானா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஏனென்றால் இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. பொலிஸில் பிடிபடுகிற பிள்ளை ஏற்கனவே மற்றப் பிள்ளையை விட அதிகம் தவறு செய்கிறவனாக இருக்கலாம். அவன் பிறகும் தவறு செய்தால் அது அவனுடைய குணம், பெயரின் குற்றமல்ல என்று சொல்லலாம் அல்லவா?

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தென் லண்டனில் 411 பையன்களை எட்டு வயதிலிருந்து தொடர்ந்து பார்த்து வந்த ஒரு ஆய்வு இருக்கிறது. டேவிட் பாரிங்டன் என்பவர் அதை வைத்து 1977இல் ஒரு கணக்குப் பார்த்தார். 14 வயதில் ஒரே அளவு தவறு செய்துவந்த பையன்களை எடுத்தார். பிள்ளைகள் தாங்களே இரகசியமாகச் சொன்ன கணக்கு அது, பொலிஸ் கணக்கு அல்ல. அவர்களில் சிலர் 14க்கும் 18க்கும் இடையில் முதன்முதலாக நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் பிடிபடவில்லை. 18 வயதில் திரும்பக் கேட்டபோது, தீர்ப்பு வாங்கியவர்கள்தான் அதிகம் தவறு செய்துகொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் இரு தரப்பும் ஒன்றாகவே நின்றன.

இதை விடப் பலமான சான்றும் உண்டு. சின்னக் குற்றத்தில் பிடிபட்ட பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போலப் பிரித்து, ஒரு பகுதியினரை வழக்கு வழியிலும் மறு பகுதியினரை வழக்கில்லாத வழியிலும் அனுப்பிய பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. சீட்டுக் குலுக்கினால் "அவன் ஏற்கனவே மோசமானவன்" என்ற மறுப்புக்கு இடமில்லை. அந்தோனி பெட்ரோசினோவும் அவருடன் சேர்ந்தவர்களும் இப்படியான 29 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். மொத்தம் 7,304 பிள்ளைகள். வழக்கு வழியில் போனதால் குற்றம் குறையவில்லை. சராசரியாகப் பார்த்தால் சற்றுக் கூடியே இருந்தது. வழக்குக்குப் பதிலாக ஆலோசனை, குடும்ப உதவி போன்ற ஏதாவது ஒன்றைக் கொடுத்த இடங்களில் வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது.

இதில் இன்னொரு விடயமும் கலந்திருக்கிறது. சிக்காகோ நகரில் நடந்த ஒரு ஆய்வு, 2014இல் வெளிவந்தது, முதல் கைதுக்குப் பிறகு இரண்டு மாற்றங்களைப் பிரித்துக் காட்டியது. பிள்ளை செய்கிற தவறும் கூடியது. அதற்கும் மேலாக, அவன் மறுபடி கைதாகும் வாய்ப்பும் கூடியது. இந்த இரண்டாவது, அவனுடைய தவறு கூடியதால் மட்டும் வந்ததல்ல. அவன் மேல் கண் விழுந்துவிட்டது. நமது மொழியில் சொன்னால், தெருவில் எதாவது காணாமல் போனால் முதலில் அவன் வீட்டைத்தான் தட்டுவார்கள்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று தள்ளிவிட வேண்டாம். நமது நாட்டுச் சட்டமே இதே பயத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவர் நீதிமன்றத்தில் ஒரு பிள்ளையின் வழக்கை முடிக்கும்போது "குற்றத்தீர்ப்பு", "தண்டனை" என்ற சொற்களையே பாவிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். களவை மன்னிக்கச் சொல்லவில்லை. பிள்ளை மேல் நடவடிக்கை எடுக்கலாம், எச்சரிக்கலாம், பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கலாம், நன்னடத்தை அதிகாரியின் பொறுப்பில் விடலாம். ஆனால் பெயர்ச்சொல்லை வைக்காதே என்கிறது. அந்த விசாரணைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும்போது பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை, படம் எதையும் வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது.

வயது விடயத்திலும் சட்டம் இந்தப் பக்கமாகவே நகர்ந்திருக்கிறது. முன்பு எட்டு வயதுப் பிள்ளையின் செயலையே குற்றமாகப் பார்க்க இடமிருந்தது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அதை 12 ஆக்கினார்கள். 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், தான் செய்வது என்னவென்று விளங்கும் பக்குவம் அவனுக்கு இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? சட்டம் அடைத்த கதவைச் சுற்றியுள்ள ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. 1939இல் ஃபேஸ்புக் இல்லை, அதனால் சட்டம் பத்திரிகையைப் பற்றித்தான் பேசியது. நீதிமன்றம் சொல்லாத பெயரை நாம் சொல்லிவிடுகிறோம். இன்னும் ஒன்று. சான்றுபெற்ற பாடசாலைக்கும் தடுப்பு இல்லங்களுக்கும் தவறு செய்த பிள்ளை மட்டும் போவதில்லை. பராமரிப்பில்லாத பிள்ளையும், பெற்றோர் "எங்களால் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று கொண்டுபோய் நிறுத்திய பிள்ளையும் அதே சட்டத்தின் கீழ்தான் அனுப்பப்படுகிறார்கள். திரும்பி வரும்போது எல்லோருக்கும் ஒரே பெயர்: "ஹோமுக்குப் போய் வந்தவன்."

பெரியவர்கள் விடயத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17ஆம் திகதி "யுக்திய" நடவடிக்கை தொடங்கியது. அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் கவலை வெளியிட்டார்கள். அதுவரை 29,000க்கும் மேற்பட்டவர்கள் கைதாகியிருந்ததாக அவர்கள் குறிப்பிட்டார்கள். வீடுகளைச் சோதனையிடும் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின. ஒரு நீதவானும் இன்னும் எதையும் தீர்மானிக்காத நேரத்தில், வாசலில் நின்ற இளைஞனின் முகம் நாடு முழுக்கப் போய்விட்டது. பிறகு வழக்கு தள்ளுபடியானாலும் அந்தக் காட்சி தள்ளுபடியாகாது. "குடுக்காரன்" என்ற சொல் தெருவில் நின்றுவிடும்.

இப்போது ஒரு பிள்ளையை எடுத்து இரண்டு வழியில் நடத்திப் பார்ப்போம். இது கற்பனைப் பிள்ளை. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியையும் பாடசாலைகளில் இருக்கும் நாங்கள் வெவ்வேறு பிள்ளைகளிடம் கண்டிருக்கிறோம்.

வயது 15. தரம் 10. வாப்பா கட்டாரில். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 25,000 ரூபா போனை எடுத்துவிட்டான்.

முதல் வழி. காணொளி பரவுகிறது. பொலிஸில் முறைப்பாடு. உம்மா பயத்தில் பொலிஸுக்கே போகவில்லை, பிணைக்குக் கையெழுத்துப் போட மாமாமார் முன்வரவில்லை. பிள்ளையைத் தூரத்து இல்லமொன்றில் வைக்கிறார்கள். மூன்று வாரம். தவணைப் பரீட்சை போய்விட்டது. அங்கே தன்னை விட மூத்த, அனுபவமுள்ள பையன்களின் பழக்கம் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்தபோது பாடசாலை சேர்க்கத் தயங்குகிறது. சேர்த்தாலும் கடைசி வாங்கில் தனியாக இருத்துகிறார்கள். டியூஷன் மாஸ்டர் "மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் விரும்பவில்லை" என்கிறார். பழைய கூட்டாளியின் உம்மா "அவனோடு சேராதே" என்கிறார். ஒரு நாள் வகுப்பில் யாருடையவோ நூறு ரூபா காணவில்லை. எல்லோரும் திரும்பி அவனைப் பார்க்கிறார்கள். அவன் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சந்தியில் நிற்கும் சில பேர் அவனிடம் பழைய கதை எதுவும் கேட்பதில்லை. அவர்களோடு நிற்கிறான். ஆறு மாதத்தில் அடுத்த களவு. லெமர்ட் சொன்ன இரண்டாம் வகை இதுதான்.

இரண்டாம் வழி. கடைக்காரர் காணொளியைப் பொலிஸுக்கு மட்டும் கொடுக்கிறார். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகம் உம்மாவைக் கூப்பிடுகிறது. பெரிய மாமா கூடப் போகிறார், பிணைக்கு நிற்கிறார். போன் திரும்பிப் போகிறது. பிள்ளை கடைக்காரரின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். இது சின்ன விடயமல்ல, பல பிள்ளைகளுக்கு அடி வாங்குவதை விட இதுதான் கடினம். வழக்கு சிறுவர் நீதிமன்றமாக அமரும் நீதவான் முன் வருகிறது. நன்னடத்தை அதிகாரி வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை கொடுக்கிறார். பிள்ளை அவருடைய கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்கிறான். வகுப்பை விடவில்லை. பாடசாலையில் விடயம் தெரிந்தவர்கள் அதிபரும் வகுப்பாசிரியரும் மட்டும். சனிக்கிழமைகளில் மாமாவின் கடையில் நின்று உடைந்த போன் உறைக்கும் கண்ணாடிக்கும் உரிய காசைக் கட்டி முடிக்கிறான்.

இரண்டு வழியிலும் களவு ஒன்றுதான். இரண்டிலும் பொலிஸ் வந்தது, நீதிமன்றம் வந்தது, பிள்ளை பதில் சொன்னான். சொல்லப்போனால் இரண்டாவதில்தான் அவன் அதிகம் பதில் சொன்னான். வித்தியாசம் இரண்டே இரண்டு. எத்தனை பேருக்குத் தெரிந்தது? முடிவில் அவன் பக்கத்தில் யார் மிஞ்சினார்கள்?

பெயர் பிள்ளைக்குள் இறங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். பெற்றோரும் கவனிக்கலாம். பகிடியாகவேனும் அவனே தன்னை அந்தப் பெயரால் சொல்லத் தொடங்குவான். ஏதாவது காணாமல் போன நாளில், யாரும் கேட்பதற்கு முன்பே "நான் எடுக்கல்ல" என்பான், அல்லது எழுந்து போய்விடுவான். பழைய கூட்டாளிகளின் பெயர்கள் அவன் பேச்சில் வருவது நின்றுவிடும். பாராட்டினால் நம்பமாட்டான். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், திட்டுவதற்கான நேரமல்ல அது.

இதன் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் களவு ஏன் நடந்தது என்பதற்கு இந்தக் கோட்பாட்டில் பதில் இல்லை. அதற்கு வீட்டையும் கூட்டாளிகளையும் ஐஸ் விற்பவனையும்தான் பார்க்க வேண்டும். பெயர் விழுந்த எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப்போவதுமில்லை, சிலர் பயந்து திருந்தியும் இருக்கிறார்கள். நாங்கள் சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் சின்னக் குற்றங்களைப் பற்றியவை. ஒரு பிள்ளையை இன்னொருவர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினால், கத்தியால் குத்தினால், பாடசாலை வாசலில் போதைப்பொருள் விற்றால், "பெயர் கெட்டுவிடும்" என்று ஊருக்குள் பேசி மூடுவது இந்தக் கோட்பாடு அல்ல. அது பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அதைப் பொலிஸுக்கோ, 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கோ சொல்லியே ஆக வேண்டும். பெயர் சூட்டாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. உரிய இடத்துக்கு முழுவதையும் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.

இனி, நம் கையில் இருப்பவை.

கடைக்காரர்களுக்கு: காணொளியை அழிக்க வேண்டாம், அது சான்று. பொலிஸுக்குக் கொடுங்கள். முகம் தெரியாத ஆளை அடையாளம் காண வேண்டுமானால் அதைச் செய்ய வேண்டியவர்கள் பொலிஸார்தான்.

பாடசாலைகளுக்கு: விடுகைப் பத்திரத்திலும் நற்சான்றிதழிலும் நடத்தை பற்றி எழுதும் இடத்தில் பெயர்ச்சொல் வேண்டாம். "களவுப் பழக்கம் உள்ளவர்" என்று ஒரு வரி எழுதினால், அது நேர்முகப் பரீட்சைகளுக்கெல்லாம் கூடவே போகும். ஏதாவது பதிய வேண்டியே இருந்தால் அதைப் பாடசாலையின் உள் பதிவேட்டில் வினைச்சொல்லாக எழுதுவோம்: "இரண்டாம் தவணையில் ஒரு சம்பவம் நடந்தது. பொருள் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதன் பின் முறைப்பாடு எதுவும் இல்லை." மூன்று வசனமும் உண்மை. மூன்றாவது வசனம்தான் பெரும்பாலும் எழுதப்படாமல் விடப்படுகிறது. இன்னொன்று, 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். தரம் 10 பிள்ளையை "வேறு இடம் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவது தீர்வல்ல.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: கல்யாண விசாரணைக்கும் வேலைக்கும் கடிதம் கேட்டு வருவார்கள். பத்து வருடத்துக்கு முன் 15 வயதில் நடந்த ஒன்றை அந்தக் கடிதத்தில் எழுத வேண்டுமா என்று யோசியுங்கள். நீதிமன்றமே குற்றத்தீர்ப்பு என்று சொல்லாததை நாம் எந்தப் பெயரில் சொல்வது?

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளையின் கூட்டாளி ஒருவன் இப்படி மாட்டிக்கொண்டால், அவனை உங்கள் வீட்டு வாசலை விட்டுத் துரத்த முன் ஒரு கணம் நில்லுங்கள். அவனோடு வெளியே சுற்றுவதைத் தடுக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் கண் முன்னே, உங்கள் வீட்டு முன்னறையில் இருவரும் இருந்து படிக்க விடலாம். நல்ல வீடு ஒன்றின் கதவு திறந்திருப்பதற்கும் எல்லா வீட்டுக் கதவும் மூடியிருப்பதற்கும் இடையில்தான் அந்தப் பிள்ளையின் அடுத்த ஆறு மாதம் இருக்கிறது.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பெயரோ, ஊரோ, பாடசாலையோ, வாப்பாவின் தொழிலோ எழுத வேண்டாம். எழுதினால் அந்தக் கருத்தை நீக்கிவிடுவோம்.